வலி மாத்திரை ஆசையைக் குறைக்கும்போது: டிராமடாலிலிருந்து படிப்படியாக வெளியே வரும் வழி

நாற்பதைத் தொட்ட ஆண் ஒருவர் ‘முன்பு போல் நாட்டம் இல்லை’ என்று மருத்துவரிடம் வாய் திறப்பதற்கே இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. வயது, சர்க்கரை, வேலைக் களைப்பு என்று காரணங்களை அவரே அடுக்கிக்கொள்வார். சட்டைப் பையில் இருக்கும் வலி மாத்திரை அட்டையை மட்டும் சந்தேகிக்க மாட்டார். அது முதுகுக்கு உரியது, இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது அவர் கணக்கு. தொடர்பு உண்டு. ஒரு காலை நேர ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்தும்விடும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பலரிடம் காணக்கூடிய நிலைமைகளைச் சேர்த்து நான் உருவாக்கிய ஆள் இவர். நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர், வயது 43. கீழ் முதுகில் வட்டு பிதுங்கி இடது காலுக்கு வலி இறங்குகிறது. முதலில் ஒரு வாரத்துக்கென்று டிராமடால் 37.5 மில்லிகிராமும் பாராசிட்டமால் 325 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையை எழுதித் தந்தார்கள். வலி அடங்கியது. அந்தச் சீட்டு இரண்டரை ஆண்டுகள் மடித்து மடித்துப் பயன்பட்டது. இப்போது டிராமடால் 50 மில்லிகிராம் கேப்சூல் நாளுக்கு நான்கு, அதாவது 200 மில்லிகிராம். இரவு ஓட்டம் முடிந்து வந்தால் தூக்கம் பிடிப்பதில்லை என்று அல்பிராசோலம் 0.5 மில்லிகிராமும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே மருந்துக்கடையில் தனிப் பதிவேட்டில் எழுதி விற்க வேண்டிய ‘எச் 1’ பட்டியல் மருந்துகள். டிராமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது. அப்படியிருந்தும் பழகிய கடைக்காரர் கொடுத்துவிடுகிறார்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

டிராமடால், டேபென்டடால், கோடீன், மார்ஃபின், ஃபென்டனில் எல்லாம் அபினியைப் போலச் செயல்படும் ஓபியாய்டு குடும்பம். டிராமடாலை ‘சாதாரண வலி மாத்திரை’ என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

ஆசையைத் தூண்டும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் விரைகளில் சுரக்கிறது, ஆனால் அதற்கான கட்டளை மூளையிலிருந்து வர வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, கதவைத் தட்டுவது போல ஒரு ஹார்மோனை விட்டு விட்டு அனுப்பும். அந்தத் தட்டலைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். எல்.எச். வந்து சேர்ந்தால் விரைகள் வேலை செய்யும். ஓபியாய்டு அந்தத் தட்டலையே அமுக்கிவிடுகிறது. விரைகளில் ஒரு பழுதும் இருக்காது, கட்டளைதான் வந்திருக்காது. மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே அளவு இறங்கத் தொடங்கிவிடும். ஒரு வாரம் சாப்பிட்டு நிறுத்தியவருக்கு அது தானாகச் சரியாகிவிடும். மாதக்கணக்கில் தொடர்பவருக்குத்தான் இறங்கிய அளவே நிரந்தரம் போல் ஆகிவிடுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் ஓபியாய்டு மருந்துகளின் எச்சரிக்கைக் குறிப்பில் பாலின ஹார்மோன் குறைவையும் சேர்க்கச் சொன்னது.

டிராமடாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மூளையில் செரட்டோனினையும் கூட்டுவதால் விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். விரைவில் வெளியேறும் சிக்கலுக்கு இதையே சிலர் விழுங்குவது அதனால்தான். தொடக்கத்தில் இதை நன்மையாக நினைத்த ஓட்டுநருக்கு, ஓராண்டு கழித்து உறவின் முடிவே எட்டவில்லை என்ற நிலை வந்தது.

தூக்க மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். அல்பிராசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்றவை டெஸ்டோஸ்டீரோனை நேரடியாகக் குறைக்கின்றன என்பதற்கு ஓபியாய்டுக்கு இருப்பது போல் உறுதியான சான்று இல்லை. அவை வேறு வழியில் கெடுக்கின்றன. நரம்புகளை மந்தமாக்குவதால் நாட்டமும் விறைப்பும் தளர்கின்றன. உறக்கம் வந்தது போல் இருந்தாலும் ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறைகிறது. டெஸ்டோஸ்டீரோன் ஏறுவதோ உறக்கத்தில்தான். நல்ல உடல்நிலையில் இருந்த இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட 2011ஆம் ஆண்டு ஆய்வில் பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. ஓபியாய்டும் தூக்க மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. ஆசைக் குறைவை விடப் பெரிய கவலை அதுதான், லாரி ஓட்டுபவருக்கு இரட்டைக் கவலை.

முதல் படி: எது குறைந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது

‘முடியவில்லை’ என்பதற்குள் மூன்று வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கும். ஆசையே எழவில்லையா, ஆசை இருந்தும் விறைப்பு நிற்கவில்லையா, எல்லாம் இருந்தும் முடிவு வரவில்லையா? ஹார்மோன் குறைவில் முதலில் போவது ஆசை. காலை எழும்போது தானாக வரும் விறைப்பும் அதோடு அருகிவிடும். தாடி வளர்ச்சி மெதுவாகும், மதியத்துக்குள் உடல் சோர்ந்துவிடும், எரிச்சல் கூடும். காலை விறைப்பு ஒழுங்காக இருந்து மனைவியுடன் இருக்கும்போது மட்டும் சிக்கல் என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

நம் ஓட்டுநர் கடையில் சில்டெனாஃபில் வாங்கிப் பார்த்தார். ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மாத்திரை அது, ஆசையை உண்டாக்காது. ஆசை இல்லாத இடத்தில் அதுவும் சரியாக வேலை செய்யாது. தன் மேல்தான் வெறுப்பு என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தார். பரிசோதனைக்குப் போவதற்கு முன் இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்த்ததில் கிடைத்த முதல் பயன், அந்த நினைப்பு நீங்கியது.

“என்னங்க, இந்த மாத்திரைதான் காரணம் என்றால் நாளைக்கே நிறுத்திவிடுங்கள்” என்றார் அவர்.

“அதைத்தான் செய்யக் கூடாது அம்மா” என்றார் மருத்துவர். ஏன் என்பது கீழே வருகிறது.

இரண்டாம் படி: ரத்தப் பரிசோதனையைச் சரியான நேரத்தில் எடுப்பது

டெஸ்டோஸ்டீரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும். மாலை ஆறு மணிக்கு எடுத்த ஒற்றைச் சீட்டை வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சரியான முறை இது: காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் இரண்டு முறை. காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும் வாரத்தில் வேண்டாம். இரவு முழுக்க வண்டி ஓட்டிவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போனால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். ஓட்டமில்லாத இரண்டு நாள் வீட்டில் தூங்கிவிட்டுத்தான் அவர் போனார்.

சீட்டில் மொத்த டெஸ்டோஸ்டீரோனுடன் எல்.எச்., புரோலாக்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சர்க்கரைக்கான எச்.பி.ஏ1சி ஆகியவையும் இருக்க வேண்டும். இதில் எல்.எச். மிக முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் அதையே. அவருக்கு வந்த எண்கள்: டெஸ்டோஸ்டீரோன் முதல் நாள் 182, பத்து நாள் கழித்து 204 (டெசிலிட்டருக்கு நானோகிராம்). அமெரிக்க சிறுநீரகவியல் சங்கம் 300க்குக் கீழே குறைவு என்கிறது, வேறு சிலர் 264 என்று வைக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் இது குறைவுதான். எல்.எச். 1.9. ஹீமோகுளோபின் 12.4, ஆணுக்கு 13க்கு மேல் இருக்க வேண்டும். புரோலாக்டின் எல்லைக்கு ஒரு மயிரிழை மேலே. மற்றவை சரி.

படிக்க வேண்டியது இப்படி. விரை பழுதாகி டெஸ்டோஸ்டீரோன் குறைந்திருந்தால், மூளை பதறிப்போய் எல்.எச்.சை ஏற்றியிருக்கும். இங்கே டெஸ்டோஸ்டீரோன் தரையில் கிடக்கும்போதும் எல்.எச். அசையவில்லை. அப்படியானால் கட்டளை அனுப்பும் இடத்தில்தான் தடை, ஓபியாய்டின் கையெழுத்து அது. ஆனால் பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் இதே கையெழுத்து வரலாம். புரோலாக்டின் பல மடங்கு உயர்ந்திருந்தால், டெஸ்டோஸ்டீரோன் 150க்கும் கீழே இறங்கியிருந்தால், அல்லது தலைவலியும் பக்கவாட்டுப் பார்வைக் குறைவும் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் மாத்திரை மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. பருமனானவர்களிடம் மொத்த அளவு குறைந்து தெரிந்தாலும் உடலுக்குக் கிடைக்கும் அளவு சரியாக இருக்கக்கூடும், அவர்களுக்குத் தனியே ஒரு கணக்கு உண்டு.

மூன்றாம் படி: மாத்திரையைக் குறைக்கும் முன் வலிக்கு வேறு கை கொடுப்பது

ஓபியாய்டை எடுத்துவிட்டால் வலியை எப்படித் தாங்குவது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அது தரும் நிவாரணத்தை நாம் அதிகமாக மதிப்பிடுகிறோம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 240 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியான ‘ஸ்பேஸ்’ ஆய்வில், நாள்பட்ட முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் ஓராண்டு ஓபியாய்டு சாப்பிட்டவர்கள், அது இல்லாத மருந்துகளைச் சாப்பிட்டவர்களை விடச் சிறப்பாக இயங்கவில்லை. மாதக்கணக்கில் சாப்பிடும்போது நரம்புகள் கூர்மையாகி, சிறு வலியையும் பெரிதாக உணர வைக்கும் நிலையும் சிலருக்கு வருகிறது. மாத்திரையே வலியைக் கூட்டுவதை நம்புவது கடினம், குறைத்துப் பார்த்தபின்தான் தெரியும்.

எனவே குறைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே மாற்று வழிகள் தொடங்கிவிட வேண்டும். ஓட்டுநருக்கு முதலில் வேண்டியது அசைவு. குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி, இடுப்பு தரையிலேயே இருக்க, மேலுடலை மட்டும் உயர்த்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்தார். பத்து முறை, நாளுக்கு நான்கைந்து வேளை. இதில் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. காலில் இருந்த வலி மேலே ஏறி முதுகோடு நின்றால் நல்லது, முதுகு சற்றுக் கூடுதலாக வலித்தாலும் தொடரலாம். வலி முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சி இவருக்கு ஒவ்வாது, நிறுத்த வேண்டும். அதோடு காலை மாலை பத்து நிமிட நடை, சில நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டி அரை மணி வரை. வண்டியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது. இருக்கையில் இடுப்பு வளைவுக்குச் சுருட்டிய துண்டு.

மருந்தில், வலி ஏறும் நாட்களுக்கு நாப்ராக்சென் 250 முதல் 500 மில்லிகிராம் இரு வேளை, உணவுக்குப் பின், ஒரு வாரம் பத்து நாளுக்கு மேல் போகாமல். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. அதனால் கிரியாட்டினின் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். முழங்கால் மூட்டு வலிக்காரர் என்றால் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவதே பெரும்பாலும் போதும்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. காலுக்கு இறங்கும் வலி என்றவுடன் பிரிகாபாலின் எழுதுவது பழக்கமாகிவிட்டது. வட்டுப் பிதுக்கத்தால் வரும் கால் வலிக்கு அது வெற்று மாத்திரையை விட மேல் இல்லை என்று 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. போதாததற்கு மந்தத்தைக் கூட்டும், ஓபியாய்டுடன் சேர்ந்தால் மூச்சையும் பாதிக்கும். அடுத்தது டூலாக்செட்டின். நாள்பட்ட முதுகு வலிக்கு உதவும் மருந்துதான், ஆனால் டிராமடால் உடலில் இருக்கும்போது சேர்த்தால் செரட்டோனின் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். அமிட்ரிப்டிலினுக்கும் இதே எச்சரிக்கை. அதுவுமன்றி டூலாக்செட்டினே ஆசையைக் குறைக்கக்கூடியது. ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொன்றில் இறங்குவானேன் என்று இவருக்கு அதைத் தொடவில்லை.

சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, இரு தொடைகளுக்கும் இடையே உள்ள பகுதி மரத்துப்போதல், பாதம் தொங்கிப்போதல் இவற்றில் ஒன்று வந்தாலும் மேற்சொன்ன எதற்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நான்காம் படி: டிராமடாலைக் குறைப்பது

மனைவி சொன்னது போல் நாளைக்கே நிறுத்தினால் என்ன ஆகும்? வியர்வை, கொட்டாவி, மூக்கு ஒழுகுதல், வயிற்றுப்போக்கு, கால்களை வைக்க இடமில்லாத தவிப்பு, தூக்கமின்மை. டிராமடாலுக்கு இவற்றோடு தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் கடும் பதற்றமும் சேரும். மூன்றாம் நாள் கடைக்கு ஓடுவார், ‘எனக்கு இது இல்லாமல் ஆகாது’ என்ற முடிவோடு திரும்புவார்.

ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது எளிதில் தாங்கும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. கேப்சூலை எப்படி 10 சதவீதம் உடைப்பது? இங்கேதான் 50 மில்லிகிராம் கேப்சூலையும், 37.5 மில்லிகிராம் கூட்டு மாத்திரையையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். நான்கு வேளையில் ஒரு வேளைக்கு மட்டும் 50க்குப் பதில் 37.5. மொத்தம் 187.5 ஆகிவிடும். அடுத்த கட்டத்தில் இரு வேளை 37.5, மொத்தம் 175. இப்படி நான்கு வேளையும் 37.5 ஆகும்போது 150. அதன்பின் மூன்று வேளைக்கு வந்து, 50, 50, 37.5 என்று 137.5. பிறகு 125, 112.5. அடுத்து இரு வேளைக்கு 50 வீதம் 100, பிறகு 87.5, 75. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று வாரம் வைத்தார் மருத்துவர். 75க்குப் பின் 50, 37.5, நிறுத்தம். மொத்தம் பதின்மூன்று கட்டம், ஏறக்குறைய ஒன்பது மாதம். மெதுவாகக் கரையும் நீள்விளைவு மாத்திரைகளை இதற்காக உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, ஒரேயடியாக மொத்த மருந்தும் உடலில் இறங்கிவிடும். கூட்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் காய்ச்சலுக்கென்று தனியாகப் பாராசிட்டமால் போட்டால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடினமானவை கடைசி மூன்று கட்டங்கள். 75லிருந்து 50 என்பது மூன்றில் ஒரு பங்கு வெட்டு. அங்கே ஆறு வாரம் நின்றாலும் தவறில்லை, பின்னோக்கி மட்டும் போகாமல் இருந்தால் சரி.

குறைத்ததும் வலி கூடுகிறதே என்றால், அது எந்த வலி என்று பார்க்க வேண்டும். மருந்து குறைந்ததால் வரும் வலி இரண்டு மூன்று நாளில் உடல் முழுவதும் பரவி, வியர்வை தவிப்போடு வந்து, ஒரு வாரம் பத்து நாளில் தணியும். பழைய வலி அதே இடத்தில், குனிந்தால் நிமிர்ந்தால் மாறுவதாக இருக்கும். ஓட்டுநர் ஒரு பாக்கெட் நாள்காட்டியில் அன்றன்றைய வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நாளுக்கு ஓர் எண் எழுதினார். நான்காம் கட்டத்தில் ஏழு வரை போனது ஒன்பதாம் நாள் நான்குக்கு வந்தது அதில் தெரிந்ததால்தான் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

குறைத்து வந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். ஒரு மோசமான நாளில் பழைய 200ஐ, அதுவும் தூக்க மாத்திரையோடு போட்டால் மூச்சுக்கே ஆபத்து. மீந்த கேப்சூல்களை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: தூக்க மாத்திரை

இரண்டையும் ஒன்றாகக் குறைக்கக் கூடாது. எதில் தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். இவருக்கு ஓபியாய்டு முதலில். அல்பிராசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஓபியாய்டை நிறுத்துவதை விட இது உயிருக்கு நேரடியான ஆபத்து. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பது வழக்கம். 0.5, 0.25 என்ற அளவுகளில் அத்தனை நுணுக்கமாக வெட்ட முடியாததால், மெதுவாகக் கழியும் டயசெபாமுக்கு மாற்றி அதிலிருந்து இறங்குவதை மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

தூக்கத்துக்கு மாற்று, எழும் நேரத்தை ஒன்றாக்குவது. இரவு எப்படிப் போனாலும் அதே நேரத்தில் எழ வேண்டும், இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்து வேறு அறையில் உட்கார வேண்டும். இரவு ஓட்டக்காரருக்கு ஒரே நேரம் என்பது கேலி போலத்தான் இருக்கும். முதலாளியிடம் பேசி மூன்று மாதம் பகல் ஓட்டம் வாங்கினார். அது கிடைக்காதவர்களுக்கு இந்தப் படி நீளும்.

மீண்டும் பரிசோதனை, டெஸ்டோஸ்டீரோன் ஊசி பற்றியும்

முதல் சீட்டு வந்த அன்றே ஊசி கேட்பவர்கள் அதிகம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் போட்டால், போதுமான அளவு இருக்கிறதே என்று மூளை எல்.எச்.சை இன்னும் இறக்கிவிடும். விரைக்குள் விந்தணு உற்பத்தி அடங்கும், பலருக்கு நின்றே போகும். குழந்தை வேண்டும் என்று திட்டமிடுபவருக்கு இது கூடவே கூடாது. மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கு, உதாரணமாகப் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் தேவைப்படுபவர்களுக்கு, ஹார்மோன் மருத்துவரின் கண்காணிப்பில் டெஸ்டோஸ்டீரோன் நியாயமான தேர்வு. ரத்தம் தடிக்கிறதா என்று பார்த்து, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும், புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் தரமாட்டார்கள். புற்றுநோய் நோயாளி ஆசைக் குறைவுக்கு அஞ்சி மார்ஃபினைத் தவிர்ப்பது வீண் கொடுமை. நீண்ட காலம் ஓபியாய்டு தேவைப்படும் மற்றவர்களுக்கு, டெஸ்டோஸ்டீரோனை மெத்தடோன் என்ற ஓபியாய்டு அளவுக்கு அமுக்காத பியூப்ரினார்ஃபின் என்ற மருந்துக்கு மாறலாமா என்று கேட்கலாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டவர்களுக்கு, கடைசி மாத்திரைக்குப் பின் ஆறு வாரம் பொறுத்து அதே காலை நேரத்தில் பரிசோதனை. மூன்று மாதமாகியும் ஏறாவிட்டால் ஹார்மோன் மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஓட்டுநருக்கு ஆறாம் வாரத்தில் டெஸ்டோஸ்டீரோன் 371, எல்.எச். 4.6, ஹீமோகுளோபின் 13.3. காலை விறைப்பு அதற்கு ஒரு மாதம் முன்பே திரும்பியிருந்தது. முதுகு இன்னும் வலிக்கிறது, நாள்காட்டியில் மூன்று அல்லது நான்கு. மாதத்தில் ஐந்தாறு நாள் நாப்ராக்சென் தேவைப்படுகிறது. அல்பிராசோலத்தை டயசெபாமுக்கு மாற்றும் சீட்டு சென்ற வாரம்தான் எழுதப்பட்டது.